நாலு நாள் ஆளைக் காணோம், அப்புறம் ஒரு "சாப்டியா?" – என்ன பதில் சொல்வது?

காவேரிக்கரை | 2024 செப்டம்பர் 8, ஞாயிறு, இரவு 10.40

எனக்கு 29 வயது. திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஜூன் மாதம் கரூரில் தோழியின் கல்யாணத்தில் ஒருவர் அறிமுகமானார். திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். ஜூலை முதல் வாரத்திலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம். இரவு ஒன்பதரை மணிக்கு போன் வரும். அந்த நேரத்துக்காகவே நான் சீக்கிரம் சாப்பிட்டு முடித்துவிடுவேன்.

ஆகஸ்ட் 17 சனிக்கிழமை முதல்முறையாகத் திருச்சிக்கு வந்தார். முக்கொம்பில் மதியம் வரை உட்கார்ந்து பேசினோம். திரும்பிப் போகும் வழியில் "ரொம்ப நாளைக்கப்புறம் இவ்ளோ சிரிச்சேன்" என்று அனுப்பினார். மறுநாளிலிருந்து நாலு நாள் ஒன்றுமே இல்லை. 22ஆம் தேதி வந்தது "ஷிப்மென்ட் டென்ஷன். சாப்டியா?" என்று இரண்டு வரி. நானும் சாப்பிட்டேன் என்று சொன்னேன். பழையபடி ஒன்பதரை மணி போன் தொடங்கியது.

செப்டம்பர் 2ஆம் தேதி மறுபடி மறைந்தார். ஐந்து நாள். நேற்று காலை ஒரு பிள்ளையார் படம், கீழே "ஹேப்பி விநாயகர் சதுர்த்தி. வேலைல மாட்டிக்கிட்டேன்" என்று எழுதியிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை. கோபமாக எழுதினால் ஐந்து நாளுக்கு இவ்வளவா என்பார். ஒன்றும் நடக்காத மாதிரி எழுதினால் எனக்கே பிடிக்கவில்லை. ஒரு மாதமோ இரண்டு மாதமோ பழகியவரிடம் எவ்வளவு கேட்கலாம்?

செல்லம்மாள் | செப்டம்பர் 8, இரவு 11.15

அம்மாடி, நாலு நாள் ஆளைக் காணோம் என்றால் முதலில் பக்கத்துக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டாமா? அவர் வீட்டு நம்பர் இருக்கிறதா? எங்கள் தெருவில் ஒரு பையன் இப்படித்தான் பைக்கில் போய் விழுந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் யார் என்றே தெரியாமல் கிடந்தான்.

நேர்கோடு | செப்டம்பர் 8, இரவு 11.50

அம்மா, ஆள் பத்திரமாகத்தான் இருக்கிறார், பிள்ளையார் படம் அனுப்பியிருக்கிறார் பாருங்கள்.

கேட்டவருக்கு: இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வேறு ஒரு ஆள் இருக்கிறார். அந்தப் பக்கம் சரிவராத நாளில் இந்தப் பக்கம் வருகிறார். நீல டிக் வருகிறதா பாருங்கள். வந்திருந்தால் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறார், வராவிட்டால் உண்மையிலேயே பார்க்கவில்லை. அப்புறம் நீங்களும் ஒரு வாரம் காணாமல் போங்கள். வலி தெரிந்தால்தான் திருந்துவார்கள்.

பனியன்ஊர் | செப்டம்பர் 9, திங்கள், காலை 7.20

திருப்பூர்க்காரன், அதே வேலைதானுங்க, பதினொரு வருஷம் ஆகுது. அதனால் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஷிப்மென்ட் நெருக்கடி பொய் இல்லை. டையிங்கில் கலர் மாறி வந்தால், அல்லது கடைசி இன்ஸ்பெக்ஷனில் பீஸ் ஃபெயில் ஆனால், மொத்தத்தையும் பிரித்துச் சரிபார்த்து மறுபடி பேக் பண்ண வேண்டும். தூத்துக்குடிக்கு லாரி கிளம்பும்வரை இரண்டு ராத்திரி ஃபேக்டரியிலேயே கிடந்திருக்கிறேன். ஆனால் ஒன்று யோசியுங்கள். அந்த இரண்டு ராத்திரியும் எங்கள் கையை விட்டு போன் இறங்காது. பையருக்கு மெயில், டையிங்காரருக்குப் போன், பேக்கிங் செக்‌ஷனிலிருந்து போட்டோ, எல்லாம் அதே வாட்ஸ்அப்பில்தான் ஓடும். பேச நேரமில்லை என்பதை நம்புவேன். "வெள்ளிக்கிழமை கூப்பிடறேன்" என்று டைப் பண்ண நேரமில்லை என்றால் நம்ப மாட்டேன்.

இன்னொன்று, நெருக்கடி திடீரென்று வானத்திலிருந்து விழாதுங்க. இன்ஸ்பெக்ஷன் தேதி முந்தின வாரமே தெரியும்.

காவேரிக்கரை | செப்டம்பர் 9, இரவு 9.55

செல்லம்மாள் அம்மா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். முதல்முறை மறைந்தபோது எனக்கும் அதே பயம்தான். திருச்சியிலிருந்து திரும்பியவர், வழியில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று. இரண்டாம் நாள் ஒரு முறை கூப்பிட்டேன், மணி அடித்து நின்றது. அவர் வீட்டில் யாரையும் எனக்குத் தெரியாது. ஒருவருக்கு ஏதாவது ஆனால்கூட எனக்குச் சொல்ல ஆளில்லை என்பதே அன்றைக்குத்தான் புரிந்தது.

நேர்கோடு, நீல டிக் கணக்கு சரியில்லை. அவர் அதை அணைத்து வைத்திருக்கிறார். படித்தாலும் படிக்காவிட்டாலும் சாம்பல் டிக் இரண்டுதான். ஆனால் குரல் செய்திக்கு அந்த அணைப்பு செல்லாது. கேட்டுவிட்டால் மைக் குறி நீலமாகிவிடும். 4ஆம் தேதி "உடம்பு சரியில்லையா?" என்று ஆறு விநாடி பேசி அனுப்பினேன். இருபது நிமிடத்தில் நீலமானது. பதில் வந்தது 7ஆம் தேதி, அதுவும் பிள்ளையார் படம்.

அந்த மைக் குறியை அன்றைக்கு எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. வகுப்பில் ஒரு பையன் "மிஸ், அதே கணக்கை ரெண்டு தடவை போட்டுட்டீங்க" என்றான்.

வேப்பமரம் | செப்டம்பர் 10, செவ்வாய், காலை 6.10

நான் மதுரையில் பதினெட்டு வருடமாகக் குடும்ப ஆலோசனை செய்கிறேன். பழகத் தொடங்கிய முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்கள் என்னிடம் கொண்டுவருவது பெரும்பாலும் இந்தக் கேள்விதான்.

மைக் நீலமானதால் அவர் கேட்டார் என்று தெரிந்தது. ஏன் பதில் சொல்லவில்லை என்று தெரிந்ததா மா? டிக், கடைசியாக எப்போது வந்தார் என்ற நேரம், ஸ்டேட்டஸ் எல்லாம் அவர் போன் என்ன செய்கிறது என்றுதான் காட்டும். அதைத் தோண்டத் தோண்ட மனம் அதிலேயே சிக்கிக்கொள்ளும்.

நான் பார்ப்பது வேறு மூன்று இடங்களை. போவதற்கு முன் ஒரு வார்த்தை சொன்னாரா? திரும்பி வந்ததும் முதல் செய்தியில் அந்த நாட்களைப் பற்றியோ, நீ கேட்ட கேள்வியைப் பற்றியோ ஏதாவது இருந்ததா? இனிமேல் சொல்கிறேன் என்றால் அடுத்த தடவை சொன்னாரா? நாள் கணக்கு அதற்கெல்லாம் பிறகுதான். சொல்லிவிட்டுப் பத்து நாள் போனவரோடு குடும்பம் நடத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சொல்லாமல் மூன்று நாள் போகிறவரோடு முடியாமல் வந்தவர்களும் உண்டு. உன் விஷயத்தில் "உடம்பு சரியில்லையா" என்று கேட்டாய். அதைக் கேட்டும் அதைத் தொடாமல் வாழ்த்து அனுப்பியிருக்கிறார். எனக்குக் கண்ணில் படுவது அதுதான்.

ஒரு வேலை செய். ஜூலையிலிருந்து உரையாடலை மேலிருந்து படி. காணாமல் போன நாட்களை விட்டுவிட்டு, அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று மட்டும் எழுது.

காவேரிக்கரை | செப்டம்பர் 10, இரவு 11.30

எழுதினேன். முதலில் ஒரு திருத்தம். ஆகஸ்டில் நாலு நாள் ஒன்றுமே இல்லை என்று சொல்லியிருந்தேன். தப்பு. 19ஆம் தேதி காலை ஒரு "ம்" அனுப்பியிருக்கிறார். நான் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்டதற்கு. அந்த "ம்" என் நினைவிலேயே இல்லை.

ஆகஸ்ட் 17 முக்கொம்பு. 18 முதல் காணோம். செப்டம்பர் 1 ஞாயிறு இரவு, அக்காவிடம் உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் என்றேன். "அப்படியா, என்ன சொன்னாங்க?" என்று சந்தோஷமாகத்தான் கேட்டார். 2 முதல் காணோம். இன்னொன்று இருக்கிறது, அதை நான் காணாமல் போனதாகவே எண்ணவில்லை. ஜூலை 21 அன்று அவர் அப்பா இறந்ததைப் பற்றி முதல்முறையாகப் பேசினார். மறுநாளும் அதற்கு மறுநாளும் போன் வரவில்லை. அப்போது இரண்டு நாள்தானே என்று விட்டிருக்கிறேன்.

மூன்று முறையும் நெருக்கமாக ஏதோ ஒன்று நடந்த மறுநாள். ஷிப்மென்ட் தேதி இதோடு எப்படி இவ்வளவு சரியாகப் பொருந்தும்?

நேர்கோடு | செப்டம்பர் 11, புதன், காலை 8.05

நீல டிக் விஷயத்தில் நான் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். இதற்குப் பெயர் அவாய்டன்ட் டைப். நெருங்கினால் ஓடுவார்கள், விலகினால் வருவார்கள். அதனால்தான் நீங்களும் விலகுங்கள் என்றேன். பாருங்கள், தானாக வருவார்.

கடல்காகம் | செப்டம்பர் 11, மாலை 4.30

கப்பலில் இருக்கிறேன். நானும் அடிக்கடி காணாமல் போகிறவன்தான். எங்களுக்கு நடுக்கடலில் இணையம் அளவோடுதான். அதனால் கரையை விட்டுக் கிளம்பும்போதே "அடுத்த துறைமுகம் இந்தத் தேதி" என்று சொல்லிவிட்டுத்தான் போவோம். உங்கள் ஆள் கப்பல்காரர் இல்லை என்பதைப் பாதி படித்த பிறகுதான் கவனித்தேன், மன்னிக்கவும்.

ஆனாலும் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் கரையில் இருந்தபோதே நான் ஒருத்தியிடம் பதினோரு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். வேறு யாரும் இல்லை. முதல் நாள் என்ன சொல்வது என்று தெரியவில்லை, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். இரண்டாம் நாள், நேற்று ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் அது ஒரு பெரிய கடிதம் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அவள் செய்தியைப் பார்க்கவே கை கூசியது. கடைசியில் ஒரு கிரிக்கெட் மீம் அனுப்பினேன். சாதாரணமாகத் தொடங்கினால் அவளும் சாதாரணமாக எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் பதில் அனுப்பவில்லை. இன்றுவரை.

அந்தப் பிள்ளையார் படம் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. அலட்சியமாகவும் இருக்கலாம், வெட்கமாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வேப்பமரம் | செப்டம்பர் 11, இரவு 8.45

கப்பல் தம்பி, இதை நான் எத்தனையோ பேர் வாயிலிருந்து அரைகுறையாகக் கேட்டிருக்கிறேன், இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

நேர்கோடு, நெருங்கினால் விலகுகிறார் என்பதை நீங்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் இரண்டு மாதப் பழக்கத்தை வைத்து, ஆளை நேரில் பார்க்காமல், இன்ன டைப் என்று பெயர் வைக்க என்னால் முடியாது. வெறும் பயமாகவும் இருக்கலாம், வீட்டில் ஏதோ சிக்கலாகவும் இருக்கலாம். நீங்கள் முதலில் சொன்ன மாதிரி வேறு ஒருவராகவும் இருக்கலாம், அதையும் நான் தள்ளவில்லை. நீயும் விலகு என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. விலகினால் அவர் வருவார் என்பது பல நேரம் உண்மை. வந்த பிறகு இவள் மறுபடி நெருங்கும் நாளில் மறுபடி போவார். அப்படிப் பார்த்தால் இவள் காலம் முழுக்கத் தூரமாகவே நிற்க வேண்டும்.

காவேரிக்கரை, எப்படிச் சொல்வது என்று கேட்டாய். எழுத்தில் வேண்டாம், போனில் சொல். ராத்திரி பதினொன்றுக்கு மேல் வேண்டாம், இருவருக்கும் அழுகையும் கோபமும் கிட்டத்தில் இருக்கும் நேரம் அது. மூன்று விஷயம் போதும். என்ன நடந்தது என்பதை நாள் கணக்கோடு, குற்றச்சாட்டு இல்லாமல். அந்த நாட்களில் உனக்கு என்ன ஆயிற்று. உனக்கு என்ன வேண்டும். அந்தக் கடைசி விஷயம் சின்னதாக, செய்தாரா இல்லையா என்று பார்க்க முடிகிற மாதிரி இருக்க வேண்டும். "என்னை மதிங்க" என்று கேட்டால் யாரும் சரி என்பார்கள், மதித்தாரா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வாய்? "பேச முடியாதுன்னா முன்னாடியே ஒரு வரி போடுங்க" என்றால் போட்டாரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

"ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று மட்டும் இந்த முறை கேட்காதே. அந்தக் கேள்விக்கு ஷிப்மென்ட் என்றுதான் பதில் வரும், நீயும் ஷிப்மென்ட்டைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பாய்.

காவேரிக்கரை | செப்டம்பர் 13, வெள்ளி, காலை 6.40

நேற்று இரவு பேசினேன். முந்தின நாள் "உங்களுக்கும் வாழ்த்து. வியாழக்கிழமை நைட் ஒன்பதரைக்குப் பேசலாமா?" என்று மட்டும் அனுப்பியிருந்தேன். சரியாகக் கூப்பிட்டார்.

எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன், இல்லாவிட்டால் எனக்கு வாய் குழறும். சொன்னது இதுதான்: "திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் அஞ்சு நாள் உங்ககிட்டேருந்து ஒண்ணும் வரல. எனக்கு முதல் ரெண்டு நாள் பயமா இருந்துச்சு, அப்புறம் நான் ஏதாவது தப்பா பேசிட்டேனான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். நீங்க தினமும் பேசணும்னு நான் சொல்லல. பேச முடியாதுன்னா அதை மட்டும் முன்னாடியே ஒரு வரி சொல்லிடுங்க. எனக்கு அது போதும்."

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை, அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பக்கம் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நானே இடையில் புகுந்து "பரவாயில்ல விடுங்க" என்று சொல்லிவிடுவேனோ என்று துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம், "சாரி. நீ இவ்ளோ யோசிச்சிருப்பேன்னு நினைக்கல. இனிமே சொல்றேன்" என்றார். அப்பாவின் திதி, ஊருக்குப் போவது என்று வேறு பேச்சுக்குப் போனார். நான் விட்டேன்.

நேர்கோடு | செப்டம்பர் 13, காலை 9.00

"இனிமே சொல்றேன்" என்று எல்லாரும்தான் சொல்வார்கள்.

காவேரிக்கரை | செப்டம்பர் 21, சனி, காலை 7.15

திங்கட்கிழமை அவராகவே எழுதினார்: "நாளைலேருந்து வெள்ளி வரை பையர் இன்ஸ்பெக்ஷன், கஷ்டம். வெள்ளி நைட் கூப்பிடறேன்." நாலு நாள் நான் ஒரு செய்திகூட அனுப்பவில்லை, அனுப்பவேண்டும் என்றும் தோன்றவில்லை. மைக் குறியும் இல்லை, எதுவும் இல்லை. நேற்று இரவு 10.10க்குக் கூப்பிட்டார்.

அதே நாலு நாள்தான், ஆகஸ்டில் இருந்த மாதிரி. எனக்கு உள்ளுக்குள் ஒன்றுமே ஆகவில்லை. காலாண்டுத் தேர்வு வேலை எல்லாம் முடித்தேன், நன்றாகத் தூங்கினேன். வேப்பமரம் அக்கா சொன்னது எனக்கு இப்போதுதான் உடம்பில் இறங்கியது.

செல்லம்மாள் | செப்டம்பர் 21, காலை 10.30

சந்தோஷம் மா. வீட்டு நம்பர் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்.

காவேரிக்கரை | அக்டோபர் 6, ஞாயிறு, மாலை 6.20

போன ஞாயிறு 29ஆம் தேதி வந்திருந்தார். மலைக்கோட்டை ஏறினோம். உச்சியில் காற்று அடித்து என் புடவைத் தலைப்பு அவர் கண்ணாடியில் மாட்டிக்கொண்டது, எடுக்க முடியாமல் இருவரும் சிரித்தோம். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஏறும்போது "அடுத்த தடவை அம்மாகிட்ட சொல்லிட்டு வரேன்" என்றார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னது.

திங்கட்கிழமையிலிருந்து காணோம். இன்றோடு ஏழு நாள். முன்கூட்டி ஒரு வரி இல்லை. புதன்கிழமை "நல்லா இருக்கீங்களா? ஒரு வரி போடுங்க" என்று ஒரே ஒரு செய்தி அனுப்பினேன், அவ்வளவுதான்.

எனக்கு வெட்கமாக இருக்கும் ஒன்றை இங்கே சொல்கிறேன். அவர் திரும்பி வந்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன், அந்த நினைப்பே இனிக்கிறது. செப்டம்பரில் அவர் சொல்லிவிட்டுப் போய் ஒழுங்காக வந்தபோது இவ்வளவு இனிப்பு இல்லை. இது என்ன?

வேப்பமரம் | அக்டோபர் 6, இரவு 9.20

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை மா. 1950களில் ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்து நிறையச் சோதனை செய்தார். அலகால் ஒரு தட்டைக் கொத்தினால் தீனி விழும். ஒவ்வொரு கொத்துக்கும் தீனி கிடைத்து வந்த புறா, தீனி நின்றதும் கொஞ்ச நேரத்தில் கொத்துவதை விட்டுவிடும். எப்போது விழும் என்று தெரியாமல், சில நேரம் மூன்றாவது கொத்துக்கும் சில நேரம் முப்பதாவது கொத்துக்கும் கிடைத்து வந்த புறா, தீனி நின்ற பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். மனுஷனுக்கும் புறாவுக்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் இந்த ஒன்றில் நாம் ரொம்பத் தூரம் இல்லை.

நீ இனிப்பு என்று சொல்வதில் பாதி அவர் மேல் இருக்கும் பிரியம், பாதி பயம் விலகுகிற சுகம். சேர்ந்து வரும்போது பிரிக்க முடியாது. செப்டம்பரில் பயம் இல்லை, அதனால் அந்தப் பாதி இல்லை. அன்றைக்கு மீதி இருந்ததுதான் பிரியம். அது எவ்வளவு இருந்தது என்று உனக்குத்தான் தெரியும்.

அவர் இதைத் திட்டம் போட்டுச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. திட்டம் இல்லாவிட்டாலும் உனக்கு ஆவது அதுதான்.

பனியன்ஊர் | அக்டோபர் 7, திங்கள், காலை 7.00

கம்பெனி பேரை எனக்குத் தனியாகச் சொல்லுங்க, இங்கே விசாரிக்கிறது எனக்கு ஒரு போன்தான். ஆள் எப்படி, வீடு எப்படி என்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுவேன்.

காவேரிக்கரை | அக்டோபர் 7, காலை 7.40

வேண்டாம் அண்ணா. ரொம்ப நன்றி. உங்களிடமிருந்து தெரிந்துகொண்டால், அதற்குப் பிறகு அவரிடம் பேசும்போதெல்லாம் தெரியாத மாதிரி நடிக்க வேண்டியிருக்கும். அவரிடமே கேட்கிறேன்.

காவேரிக்கரை | அக்டோபர் 10, வியாழன், இரவு 10.50

8ஆம் தேதி வந்தார். எட்டு நாள் கழித்து. "ஊர்ப்பக்கம் போயிருந்தேன், நெட்வொர்க்கே இல்ல, எப்படி இருக்க?" நான் "நாளைக்கு ஒன்பதரை" என்று மட்டும் பதில் போட்டேன்.

இந்த முறை ஏன் என்று கேட்டேன். ஆனால் வேலையையும் நெட்வொர்க்கையும் பற்றிக் கேட்கவில்லை. பட்டியலைப் படித்துக் காட்டினேன். ஜூலை 21 அப்பாவைப் பற்றிப் பேசினீர்கள், ஆகஸ்ட் 17 முக்கொம்பு, செப்டம்பர் 1 அக்கா, செப்டம்பர் 29 மலைக்கோட்டை. ஒவ்வொன்றுக்கும் மறுநாள் நீங்கள் இல்லை. இதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ தேதி போட்டு சொன்னப்புறம்தான் எனக்கே தெரியுது" என்றார். நன்றாக இருந்துவிட்டு வந்த மறுநாள் காலை எழுந்தால் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குமாம். பேசினால் அடுத்தது அம்மா, அதற்கு அடுத்தது கல்யாணத் தேதி என்று வண்டி ஓட ஆரம்பித்துவிடும் என்று பயம். அண்ணனுடைய கல்யாணம் இரண்டு வருடத்தில் முறிந்து, அப்பா அந்தக் கவலையிலேயே போனார் என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். என்னைப் பிடிக்கும், பொய் இல்லை என்றார். நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

இதை செப்டம்பர் 12லேயே சொல்லியிருந்தால் பயத்தோடு சேர்ந்தே நடந்திருப்பேன் என்று சொன்னேன். நான் கேட்டது ஒரு வரிதான், வேலைக்காகப் போகும்போது அந்த ஒரு வரி வந்தது, என்னிடமிருந்து போகும்போது வரவில்லை என்றும் சொன்னேன். "டைம் குடு" என்றார். எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த நேரத்தில் ஒன்பதரை மணிப் பேச்சு இருக்காது, உங்களுக்குக் கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு தெரிந்தால் அப்போது கூப்பிடுங்கள் என்றேன். எனக்குக் குரல் உடைந்தது. அவருக்கும்.

நேர்கோடு | அக்டோபர் 10, இரவு 11.35

இப்போதுதான் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. வேறு ஆள் என்று நான் நினைத்தேன், அது இல்லை. மனதைத் திறந்து சொன்ன அன்றைக்கே கதவை மூடினால் அந்த மனிதர் இனி யாரிடம் திறப்பார்? இன்னும் ஒரு மாதம் பொறுத்திருக்கலாம்.

கடல்காகம் | அக்டோபர் 11, அதிகாலை 3.10

எனக்கும் அவர் பக்கம்தான் மனம் போகிறது, ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என்னிடம் அன்றைக்கு யாராவது இப்படித் தேதி போட்டுப் படித்துக் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேப்பமரம் | அக்டோபர் 11, காலை 6.30

நேர்கோடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. பயத்தை ஒத்துக்கொள்கிறவர்கள் மாறுவதைப் பார்த்திருக்கிறேன், ஆறு மாதம் ஆலோசனைக்கு வந்து நிலையாக நின்றவர்கள் உண்டு. ஒத்துக்கொண்டதோடு நின்றவர்களும் உண்டு. எது நடக்கும் என்று முதல் நாள் என்னால் சொல்ல முடிந்ததில்லை. அந்த ஆறு மாதம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டுமா என்பதில்தான் நானும் நீங்களும் வேறுபடுகிறோம்.

காவேரிக்கரை | நவம்பர் 2, சனி, இரவு 8.30

சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன்.

முதல் பத்து நாள் ஒன்பதரை மணி ஆனால் கை தானாகப் போனைத் தேடியது. அந்த நேரத்தில் அக்கா மகளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். நேர்கோடு சொன்னதைப் பல முறை யோசித்தேன். 20ஆம் தேதி வாக்கில் நானே கூப்பிட்டுவிடலாம் என்றுகூட நம்பரை எடுத்தேன். கூப்பிட்டால் சந்தோஷமாகப் பேசுவார், மறுநாள் நான் மைக் குறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது, வைத்துவிட்டேன்.

தீபாவளி அன்று இரவு அவரிடமிருந்து ஒரு விளக்குப் படம். கீழே, "எப்படி இருக்க? பேசலாமா?"

வயிற்றில் அதே பிசைவு வந்தது, பொய் சொல்லவில்லை. போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு மாடிக்குப் போனேன். அக்கா மகள் கம்பி மத்தாப்பைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். கண்ணைத் திற, அப்போதுதானே பார்க்கலாம் என்றேன். இரண்டு பெட்டி தீரும்வரை அங்கேயே இருந்தேன். அப்புறம் கீழே வந்து, "உங்களுக்கும் வாழ்த்து. அன்னைக்கு நான் கேட்டதுக்கு முடிவு தெரிஞ்சுதா?" என்று எழுதினேன்.

இரண்டு சாம்பல் டிக். இன்றோடு இரண்டு நாள் ஆகிறது. நான் இரண்டாவதாக எதுவும் அனுப்பவில்லை. திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்குத் தேர்வு வைத்திருக்கிறேன், வினாத்தாள் இன்னும் பாதிதான் தயார் ஆகியிருக்கிறது.